குடோன் சாவி யார் கையில்? உளுந்து மூட்டைக்கு அடகா, ஹைப்பாதிகேஷனா

ரங்கூனில் பயறு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருஷம் தவறாமல் வரும். மாசி, பங்குனியில் உளுந்து அறுவடையாகிப் பயின்னவுங் சந்தையில் வந்து குவியும்போது விலை இறங்கியிருக்கும். வாங்கிப் போட்டால் சில மாதத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று மில்காரருக்குத் தோன்றும். கையில் பணம் இராது. பணம் வைத்திருக்கிற ஏற்றுமதி வியாபாரி, "சரி தம்பி, தர்றேன். சரக்கை ஈடாக் காட்டு" என்பார். அங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. மூட்டைகளைப் பணம் கொடுத்தவர் வசம் ஒப்படைத்தால் அது அடகு. மூட்டைகள் மில்லிலேயே இருக்க, அவற்றின் மேல் அவருக்கு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்தால் அது ஹைப்பாதிகேஷன்.

வணிகச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதைச் சின்னக் கேள்வியாகப் பார்த்துவிட்டு, "சரக்கு கைமாறினால் அடகு, மாறாவிட்டால் ஹைப்பாதிகேஷன்" என்று ஒரே வரியில் விடை எழுதிவிடுகிறார்கள். விடை தப்பில்லை. ஆனால் கடன் திரும்பாத நாளில் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து எத்தனை உரிமைகள் வெளியே வருகின்றன, எத்தனை வராமல் போகின்றன என்பதுதான் பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடலாம். 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இங்கேயே தங்கிவிட்டது. அடகைப் பற்றிய 172 முதல் 179 வரையிலான பிரிவுகள் இங்கும் அதே எண்ணில்தான் இருக்கின்றன. அதனால் சென்னையில் அச்சான பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ரங்கூனில் அடகுச் சட்டம் படிக்கலாம், பெரிதாக வழி தவறாது. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும், பிரிவின் வாசகம் ஒன்றே என்பதால் வாதத்துக்கு உதவும். ஹைப்பாதிகேஷனுக்கு இந்த வசதி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கென்று அத்தியாயமே கிடையாது. இந்தியப் புத்தகங்களில் வருகிற விளக்கம் பெரும்பாலும் 2002-இல் அங்கே வந்த சர்ஃபேசி சட்டத்திலிருந்து எடுத்தது. அது இந்தியாவில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வந்த சட்டம். அதைப் பார்த்துவிட்டு, "நோட்டீஸ் கொடுத்துவிட்டு சரக்கைப் போய் எடுத்துக்கொள்ளலாம்" என்று இங்கே ஒருவர் நினைத்தால் சிக்கல்தான். இங்கே ஹைப்பாதிகேஷன் என்பது நீங்கள் எழுதி வாங்கிய பத்திரம் எவ்வளவு தருகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இனி ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மில்காரரிடம் 50 டன் உளுந்து. 50 கிலோ மூட்டையாக 1000 மூட்டை. டன் 30 லட்சம் கியாட் என்றால் சரக்கின் மதிப்பு 15 கோடி. ஏற்றுமதி வியாபாரி கொடுப்பது 10 கோடி, ஆறு மாதத் தவணை, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. கணக்கு எளிதாக வரவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. சந்தை விலை என்று நினைக்க வேண்டாம்.

15 கோடிச் சரக்குக்கு ஏன் 10 கோடி மட்டும்? 2017 ஆகஸ்டை மறக்காதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். அந்த மாதம் இந்தியா துவரைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. இங்கே விளைகிற உளுந்துக்குப் பெரிய வாங்கி இந்தியாதான். டெல்லியில் ஓர் அறிவிப்பு வந்ததும் ரங்கூன் குடோன்களில் இருந்த சரக்கின் விலை சரிந்தது. பிறகு 2021-இல் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை வாங்கிக்கொள்வதாக இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. பயறின் மேல் கடன் கொடுப்பவர் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கொடுப்பதற்குக் காரணம் இந்த நிலையாமைதான். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது.

அடகு எப்போது அடகாகிறது

அடகு என்று பத்திரத்தில் எழுதியதால் மட்டும் அடகு ஆகிவிடாது. ஒப்படைப்பு நடக்க வேண்டும். 149-ஆம் பிரிவு இதைத் தாராளமாகவே பார்க்கிறது: சரக்கு பெறுபவர் வசமோ, அவர் சார்பில் வைத்துக்கொள்கிற ஆள் வசமோ போகிற மாதிரி எதைச் செய்தாலும் அது ஒப்படைப்புத்தான். அதாவது 1000 மூட்டையையும் லாரியில் ஏற்றிக் கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் இறக்க வேண்டியதில்லை. மூன்றாமவருடைய குடோனில் சரக்கு கிடந்தால், குடோன்காரர் "இந்த 1000 மூட்டையை இன்று முதல் உங்களுக்காக வைத்திருக்கிறேன்" என்று கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். மில்காரருடைய சொந்தக் குடோனாக இருந்தால், தனி அறையில் அடுக்கி, கடன் கொடுத்தவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொண்டாலும் ஆயிற்று.

நடைமுறையில் கோளாறு ஆரம்பிக்கிற இடமும் இதுதான். பத்திரம் அழகாக அடகு என்று சொல்லும், பூட்டும் தொங்கும், ஆனால் பின் கதவுக்கு வேறொரு சாவி மில் மேஸ்திரியிடம் இருக்கும். அல்லது அடகு வைத்த 1000 மூட்டையோடு பிற்பாடு வந்த 400 மூட்டையும் ஒரே அடுக்கில் கலந்துவிடும். எது அடகுச் சரக்கு என்று கை காட்ட முடியாத நிலையில், மில்காரருக்குக் கடன் கொடுத்த வேறொருவரோ அவரிடம் சரக்கு வாங்கியவரோ வந்து நின்றால், "என் வசம் இருக்கிறது" என்று சொல்வது கடினம். இதைக் கண்டுபிடிக்கப் பத்திரத்தைப் படித்துப் பயனில்லை, குடோனுக்குப் போக வேண்டும். கடன் கொடுத்தவருடைய ஆள் வராமல் ஒரு மூட்டை வெளியே போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றிரண்டு போகும், அப்புறம் சொல்லிவிடுவோம்" என்று பதில் வந்தால், அது பெயரளவில்தான் அடகு. என்னைக் கேட்டால் இரண்டு வழியையும்விட மோசமானது இதுதான். அடகுக்கான கெடுபிடியும் செலவும் இருக்கும், அடகின் பலம் இருக்காது.

சரக்கு மில்காரருடையதுதானா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். தரகர்கள் விவசாயிகளின் சரக்கை விற்றுக் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருப்பது உண்டு. விற்றுக் கொடுக்கிற வணிக முகவர் சொந்தக்காரர் சம்மதத்தோடு சரக்கை வைத்திருந்து, தன் தொழிலின் வழக்கமான போக்கில் அடகு வைத்தால், அடகு பிடித்தவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கும்வரை 178-ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றும். ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தெரிந்தே வாங்கினால் காப்பாற்றாது. கொள்முதல் ரசீதைக் கேட்டுப் பார்ப்பதில் யாருக்கும் கோபம் வராது.

பணம் வராத நாளில்

ஆறு மாதம் ஆயிற்று. பணம் வரவில்லை. அசல் 10 கோடி, வட்டி 1 கோடியே 20 லட்சம், குடோன் வாடகையும் வண்டுக்குப் புகை போட்ட செலவும் 30 லட்சம். மொத்தம் 11 கோடியே 50 லட்சம். அடகு பிடித்தவர் என்ன செய்யலாம்?

முதல் உரிமை, சரக்கை விடாமல் வைத்துக்கொள்வது. அசலுக்கு மட்டுமின்றி வட்டிக்கும், சரக்கை வைத்திருக்கவும் பாதுகாக்கவும் செய்த அவசியச் செலவுக்கும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்கிறது 173-ஆம் பிரிவு. ஆக மேலே சொன்ன 11.5 கோடி முழுவதும் வரும்வரை சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. அசாதாரணச் செலவு வேறு கணக்கு. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கூரைத் தகடு பறந்து, சரக்கு நனையாமல் காப்பாற்ற அவசரமாக வேறு குடோனுக்கு மாற்றினார், 20 லட்சம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 175-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை அவருக்குச் சேர வேண்டியதுதான். கேட்டு வாங்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் அதற்காகச் சரக்கைப் பிடித்து வைக்கிற உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை. பரீட்சையில் 173-ஐயும் 175-ஐயும் குழப்புகிறவர்கள் அதிகம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம், மில்காரர் 11.5 கோடியோடு வந்து நிற்கிற நாளில் கதவைத் திறக்க வேண்டுமா வேண்டாமா என்பது.

அதே மில்காரர் போன வருஷம் வாங்கிய வேறொரு 2 கோடிக் கைமாற்று பாக்கி இருந்தால்? அதற்காக இந்த மூட்டைகளை வைத்துக்கொள்ள முடியாது. எந்தக் கடனுக்கு அடகு வைத்தாரோ அந்தக் கடனுக்குத்தான் சரக்கு ஈடு என்று 174-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் சரி. அடகுக்குப் பிறகு அதே ஆளுக்குக் கொடுத்த கடன் மட்டும், மாறாக எதுவும் இல்லாவிட்டால், இந்த அடகுக்குள் அடங்கியதாகவே கருதப்படும். பழைய பாக்கியைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர் அதைப் பத்திரத்தில் பெயர் சொல்லியே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது 176. இங்கே இரண்டு கதவு. கடனுக்காக வழக்குப் போட்டுவிட்டு, சரக்கைக் கூடுதல் ஈடாகக் கையிலேயே வைத்திருக்கலாம். அல்லது நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சரக்கை விற்கலாம். இரண்டாவது வழிக்கு நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை, அடகின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது. டன் 22 லட்சத்துக்கு விற்றால் 11 கோடி வரும். மீதி 50 லட்சத்தை மில்காரர்தான் கட்ட வேண்டும். டன் 26 லட்சத்துக்கு விற்றால் 13 கோடி, 11.5 போக மிச்சம் 1.5 கோடியை மில்காரரிடம் திருப்பித் தர வேண்டும். "வட்டிக்கு வட்டி, மனக்கஷ்டம்" என்று அதைப் பிடித்துக்கொள்ள வழி கிடையாது.

முன்னறிவிப்பு விஷயத்தில்தான் கடன் கொடுத்தவர்கள் பலர் சறுக்குகிறார்கள். "முன்னறிவிப்பு இல்லாமலே விற்கலாம் என்று பத்திரத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டேன்" என்பார்கள். 176-ஆம் பிரிவில் "ஒப்பந்தத்தில் மாறாக இல்லாவிட்டால்" என்ற வாசகம் கிடையாது. அதனால் முன்னறிவிப்புப் பெறுகிற மில்காரரின் உரிமையைப் பத்திரம் எழுதித் துடைத்துவிட முடியாது என்றுதான் இந்திய நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. அடகு வைத்த பங்குகளைப் பற்றிய ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2022-இல் இதை உறுதிப்படுத்தியது. அறிவிப்பில் ஏல நாளும் இடமும் குறித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விற்கப் போகிறேன் என்ற எண்ணம் தெளிவாக இருந்தால் போதும். "பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் நடவடிக்கை எடுப்பேன்" என்று மட்டும் எழுதுவது போதாது. எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. மில்காரர் வேறு இடத்தில் பணம் புரட்டி மீட்க வாய்ப்பிருக்கிற அளவு கால அவகாசம் என்று வைத்துக்கொள்ளலாம். உளுந்துக்கு இரண்டு வாரம் கொடுத்தால் குறை சொல்ல மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நனைந்து புழுங்க ஆரம்பித்த சரக்கென்றால் அதற்கும் குறைவாகவே இருக்கலாம்.

மூட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு, "கடனுக்குச் சரியாகப் போயிற்று" என்று கணக்கை முடிக்கவும் முடியாது. அடகு பிடித்தவர் தனக்குத் தானே விற்றுக்கொள்வது விற்பனையே ஆகாது. 2022 தீர்ப்பு இதையும் தெளிவாகச் சொல்கிறது. நம் கதையில் கடன் கொடுத்தவர் ஏற்றுமதி வியாபாரி. அவருக்கே உளுந்து தேவை. ஆசை வரத்தான் செய்யும். வெளியாள் ஒருவருக்கு, சந்தை விலையில், ரசீதோடு விற்றுவிட்டுப் போவது அவருக்கு நல்லது. உண்மையில் விற்பனை நடக்கும் நிமிடம்வரை மில்காரர் பணத்தைக் கட்டிச் சரக்கை மீட்கலாம் என்று 177 சொல்கிறது. தவணை தப்பியதால் கூடுதலாக ஆன செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை உரிமைக்கும் விலை உண்டு. சரக்கு தன் வசம் இருக்கும்வரை, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்கைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். உளுந்தில் வண்டு விழும். தரையில் மரச்சட்டம் போடாமல் அடுக்கினால் மழைக்காலத்தில் அடி மூட்டை ஈரம் இழுத்துவிடும். அப்படிக் கெட்டால் நட்டம் சாவி வைத்திருந்தவருக்கு. தக்க கவனம் எடுத்தும் 2008 நர்கிஸ் புயல் மாதிரி ஒன்று வந்து அடித்துப் போனால் அவர் பொறுப்பில்லை. கடனும் அப்படியே நிற்கும். இன்சூரன்ஸ் யார் பெயரில், எந்தத் தொகைக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது அதனால்தான்.

சரக்கு எங்கே போயிற்று என்றே தெரியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வந்த ஓர் இந்திய உச்ச நீதிமன்ற வழக்கு இது. 20,000 ரூபாய்க் கடனுக்குப் பழைய விமான உலோகக் கழிவை அடகு வைத்தார்கள். கடன் கொடுத்தவர் பணத்துக்கு வழக்குப் போட்டார், ஆனால் சரக்கு தன் கைக்கு வரவே இல்லை என்றார். வந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சரக்கைத் திருப்பித் தர முடியாதவர் கடனுக்கும் தீர்ப்பு வாங்க முடியாது என்று வழக்கு தோற்றது. பணமும் வேண்டும், சரக்குக்கும் கணக்குச் சொல்ல மாட்டேன் என்பது நடக்காது.

மில் ஓட வேண்டுமே

இதையெல்லாம் கேட்ட கடன் கொடுப்பவர் அடகுதான் என்று முடிவு கட்டிவிடுவார். மில்காரர் உடனே சொல்வார்: "அண்ணே, மூட்டை உங்க பூட்டுக்குள்ள இருந்தா நான் எதை உடைச்சு பருப்பாக்கி உங்க கடனைக் கட்டுறது?" நியாயமான கேள்வி. ஹைப்பாதிகேஷன் இருப்பதே இதற்குத்தான். சரக்கு உள்ளே வரும், உடையும், பருப்பாகி விற்கும், பணம் வரும், புதுச் சரக்கு வரும். ஆற்றில் தண்ணீர் மாறினாலும் ஆறு அதே ஆறு என்கிற மாதிரி, மூட்டைகள் மாறினாலும் அன்றன்றைக்கு இருக்கிற சரக்கின் மேல் உரிமை நிற்கும். மில்காரருக்கு இது வசதி. மூட்டைக்கு மூட்டை அனுமதி கேட்க வேண்டாம், கடன் கொடுத்தவருடைய காவல்காரருக்குச் சம்பளம் அழ வேண்டாம்.

கடன் கொடுத்தவருக்கு மிஞ்சுவது மாதாமாதம் வருகிற சரக்குக் கணக்குத் தாள். அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். தாளில் 80 டன் உளுந்து, டன் 30 லட்சம், மொத்தம் 24 கோடி என்று இருக்கிறது. அதில் 20 டன்னுக்கு இன்னும் தரகருக்குப் பணம் கொடுக்கவில்லை. 6 கோடியைக் கழித்தால் 18 கோடி. ஹைப்பாதிகேஷனில் ஆபத்து அதிகம் என்பதால் நாற்பது சதவீதம் கழிப்போம். 10 கோடியே 80 லட்சம் மிஞ்சுகிறது. 10 கோடிக் கடன் அதற்குள் அடங்குகிறது, சரி. நேரில் போய் எண்ணினால் 55 டன்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காத 20 போக 35 டன், 10.5 கோடி, நாற்பது சதவீதம் போக 6 கோடியே 30 லட்சம். காகிதத்தில் பாதுகாப்பாக இருந்த கடனில் 3 கோடியே 70 லட்சத்துக்கு ஈடே இல்லை.

எண்ணுவதிலும் சூது நடக்கும். அடுக்கின் நீளம், அகலம், உயரத்தை மூட்டைக் கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டு வருவார்கள். நடுவில் காலியாக விட்டுச் சுற்றிலும் மட்டும் அடுக்கியிருப்பார்கள். மேலே ஏறி நடு மூட்டை சிலவற்றை இழுத்துப் பார்த்தால் தெரியும். குத்தூசி போட்டு மாதிரி எடுக்கும்போது உள் வரிசை மூட்டைகளிலும் எடுக்க வேண்டும். வெளியே நல்ல ரகமும் உள்ளே போன வருஷத்து வண்டு விழுந்த சரக்கும் இருப்பது புதிதில்லை. மில்லின் கரண்ட் பில் படுத்திருக்க, பருப்பு உற்பத்தி மட்டும் ஏறுமுகமாகக் காட்டினால் தாளைச் சந்தேகப்படலாம்.

பணம் வராத நாளில் ஹைப்பாதிகேஷன்காரர் நிலை என்ன? 176-ஆம் பிரிவு அவருக்கு நேரடியாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அவர் கையில் எதுவும் இல்லை. உள்ளே வந்து சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம் சொன்னாலும், மில்காரர் கேட்டைப் பூட்டிவிட்டால் பூட்டை உடைத்துப் போகக் கூடாது. அது வேறு வழக்காக முடியும். நீதிமன்றம் போய், சரக்கை விற்காமல் தடுக்க உத்தரவு வாங்கி, அப்புறம் தீர்ப்பு வாங்கி விற்க வேண்டும். அதற்குள் மூட்டைகள் போய்க்கொண்டே இருக்கும். மில்காரரிடம் வழக்கமான வியாபாரத்தில் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிப் போனவரிடம் சரக்கைத் திருப்பிக் கேட்க முடியாது. மில்காரர் மனமொப்பிச் சரக்கை ஒப்படைத்துவிட்டால் நல்லது. அதன் பிறகு கடன் கொடுத்தவர் ஏறக்குறைய அடகு பிடித்தவர் நிலைக்கு வந்துவிடுகிறார். அறிவிப்புக் கொடுத்து விற்கலாம்.

அதைவிடப் பெரிய பயம், அதே சரக்கின் மேல் இரண்டாவதாகக் கடன் கொடுப்பவர். ஹைப்பாதிகேஷன் கொடுத்த சரக்கையே மில்காரர் சத்தம் போடாமல் வேறொருவருக்கு அடகு வைத்து, மூட்டைகளை அவர் குடோனுக்கு அனுப்பிவிட்டால், முதலில் கடன் கொடுத்தவரிடம் காகிதம் இருக்கும், இரண்டாமவரிடம் சரக்கு இருக்கும். முந்தைய கடன் இரண்டாமவருக்குத் தெரியாது என்றால் வழக்கு முதலாமவருக்குச் சாதகமாகப் போவது கடினம். கம்பெனியாக இருந்தால் ஒரு தற்காப்பு உண்டு. சரக்கு மாற மாற அதன் மேல் நிற்கிற இப்படிப்பட்ட கடன் உரிமையைக் கம்பெனிப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்பது 1914 சட்டத்திலிருந்தே வருகிற விதி. 2017-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழும் பதிவு உண்டு. பதியாவிட்டால், கம்பெனி நொடித்துப் போகும்போது கலைப்பாளர் உங்களை ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிறுத்திவிடுவார். தனியாள் பெயரில் நடக்கிற மில்லாக இருந்தால் அந்தப் பதிவு வழியும் இல்லை. குடோன் சுவரில் "இந்தச் சரக்கு இன்னாருக்கு ஈடு" என்று பலகை மாட்டுவார்கள்; பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று வாதாடவாவது உதவும். மில்காரர்களுக்கு அந்தப் பலகை பிடிக்காது. மானப் பிரச்சினை.

எதை எடுப்பது

விலைக்காகக் காத்துக் கிடக்கிற சரக்கென்றால் அடகுதான், யோசிக்கவே வேண்டாம். ஐப்பசிவரை உளுந்தைத் தொடப் போவதில்லை என்றால், சாவி யாரிடம் இருந்தால் மில்காரருக்கு என்ன? கடன் கொடுத்தவருக்குத் தைரியம் இருப்பதால் வட்டி குறைத்துப் பேசலாம், தொகையும் கூட்டிக் கேட்கலாம். தினம் மில்லுக்குப் போய்த் திரும்புகிற சரக்குக்கு அடகு ஒத்து வராது. கட்டாயப்படுத்தினால் மேலே சொன்ன பின்வாசல் சாவிதான் முளைக்கும். அதற்கு ஹைப்பாதிகேஷன் கொடுக்கலாம், ஆனால் குறைந்த தொகைக்கு, மாதம் ஒருமுறை முன்சொல்லாமல் போய் எண்ணுகிற உரிமையோடு.

நம் கதையின் 50 டன்னுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டையும் பிரித்து எழுதுவது. 40 டன்னைப் பூட்டுக்குள் அடகாக வைத்து, 12 கோடி மதிப்புக்கு 8 கோடி கொடுக்கலாம். மீதி 10 டன்னும் அதிலிருந்து வருகிற பருப்பும் மில்லில் ஹைப்பாதிகேஷனில் இருக்கட்டும். 3 கோடி மதிப்புக்கு நாற்பது சதவீதம் கழித்து 1 கோடியே 80 லட்சம். மொத்தம் 9.8 கோடி, மில்காரர் கேட்ட பத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மில்லில் இருக்கிற சரக்கு விற்றுப் பணம் வந்ததும், அதைக் கட்டிவிட்டு அடுத்த 10 டன்னைப் பூட்டிலிருந்து விடுவித்துக்கொள்வார்.

பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு லாட்டை விடச் சொல்லி மில்காரர் கேட்கிற நாளும் வரும். அப்போது சும்மா திறந்துவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் அடகு அற்றுப் போவதில்லை என்பதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1930-களின் பின்பகுதியில் மதராஸிலிருந்து, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போன நிலக்கடலை வழக்கு அது. ரயில்வே ரசீதுகளை அடகு பிடித்த ஒரு வங்கி, ரயிலிலிருந்து சரக்கை எடுத்துக் குடோனில் சேர்ப்பதற்காக அவற்றை வியாபாரிகளிடமே திருப்பிக் கொடுத்தது. அவர்கள் அதே ரசீதுகளை இன்னொரு வங்கியில் அடகு வைத்துவிட்டார்கள். முதல் வங்கியின் உரிமைதான் நிற்கும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த வங்கி லண்டன்வரை போய் ஜெயிக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லாட் எண், மூட்டைக் கணக்கு, உடைப்பதற்காக மட்டுமே விடுகிறோம் என்ற வாசகம், பருப்பு திரும்பிப் பூட்டுக்குள் வரவேண்டிய தேதி, நடுவில் விற்றால் வருகிற பணம் கடன் கொடுத்தவருடையது என்ற ஒப்புதல், இவை உள்ள ஒரு தாளில் மில்காரர் கையெழுத்துப் போட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். அந்தத் தேதியில் பருப்பு வராவிட்டால் அடுத்த லாட்டுக்குச் சாவி திரும்பாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.